ஷெங்கன் விசாவுக்கு எச்ஆரிடம் வேலைச் சான்றுக் கடிதம் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எச்ஆரிடம் கேட்டால் போர்ட்டலில் போய் டவுன்லோடு செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அது போதுமா மேடம்?"

பெரும்பாலும் போதாது. சென்னை ஓ.எம்.ஆரில் இரண்டு கம்பெனிகளிலுமாகப் பதினோரு வருடம் எச்ஆர் ஆபரேஷன்ஸில் இருந்தேன். இந்தக் கடிதங்களை டைப் செய்து, கையெழுத்து வாங்கி, சீல் வைத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

போர்ட்டலில் தானாக வரும் கடிதம் வங்கிக் கடனுக்காகவும் வாடகை ஒப்பந்தத்துக்காகவும் செய்துவைத்த ஒன்று. இன்னார் இன்ன தேதியிலிருந்து எங்களிடம் வேலை பார்க்கிறார், பதவி இது, அவ்வளவுதான். சுற்றுலா விசாவுக்கு இது பாதிக் கடிதம். எத்தனை நாள் லீவு கொடுத்திருக்கிறோம், எந்தத் தேதியில் இவர் திரும்பி வேலைக்கு வருவார் என்பதுதான் மீதிப் பாதி, விசா அதிகாரிக்கு முக்கியமானதும் அதுதான். எனவே போர்ட்டல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விசாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் வேண்டும் என்று எச்ஆருக்குக் கோரிக்கை டிக்கெட் போடுங்கள். டிக்கெட்டில் "அனுபவச் சான்றிதழ்" என்ற வகையைத் தேர்வு செய்துவிடாதீர்கள். அது வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கொடுப்பது. அந்த வகையில் வந்த கோரிக்கையைப் பார்த்துவிட்டு, "இவர் ராஜினாமா செய்துவிட்டாரா?" என்று எங்கள் அணியில் ஒருவர் மேனேஜருக்கே போன் போட்டது நடந்திருக்கிறது.

"மூன்று மாத பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16 எல்லாம் வைக்கிறேன். அப்புறம் எதற்கு இந்தக் கடிதம்?"

அவை எல்லாம் நடந்து முடிந்ததைச் சொல்லும் காகிதங்கள். போன மாதம்வரை உங்களுக்குச் சம்பளம் வந்தது என்று பேஸ்லிப் சொல்லும். ஊர் சுற்றிவிட்டு வந்தபின் உங்களுக்கு அந்த வேலை இருக்குமா என்று அது சொல்லாது. ஷெங்கன் விசா மறுக்கப்படும்போது ஒரு அச்சடித்த படிவம் தருவார்கள். காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதில் டிக் செய்திருப்பார்கள். அதில் வழக்கமாக வரும் ஒன்று, விசா முடிவதற்குள் நீங்கள் நாட்டை விட்டுத் திரும்புவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது. அந்தச் சந்தேகத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய காகிதம் உங்கள் விண்ணப்பக் கட்டுக்குள் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மறைமுகமாகச் சொல்பவை.

"சரி, எச்ஆருக்கு எப்படி எழுதிக் கேட்பது? 'விசாவுக்கு லெட்டர் வேண்டும்' என்று ஒரு வரி அனுப்பினேன், நான்கு நாளாகப் பதிலே இல்லை."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எச்ஆர் எதுவும் செய்ய முடியாது என்பதுதான் காரணம். எந்த நாடு, எந்தத் தேதி, எந்தப் பெயரில் என்று அவர்கள் திருப்பிக் கேட்க வேண்டும், நீங்கள் பதில் சொல்ல வேண்டும், இதிலேயே ஒரு வாரம் போய்விடும். கேட்கும்போதே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் எச்ஆர் செய்ய வேண்டியது ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புவது மட்டும்தான்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பெயர் கார்த்திக், அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். சோழிங்கநல்லூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. 2021 ஜூன் 14-இல் சேர்ந்தார். 2026 மே 2 சனிக்கிழமையிலிருந்து மே 17 ஞாயிறுவரை ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் போகிறார். மார்ச் 16-இல், விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் அப்பாயின்ட்மென்ட். அவர் மார்ச் 2-ஆம் தேதி எச்ஆருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருக்கும். நீங்கள் அனுப்பும்போது ஆங்கிலத்தில்தான் இருக்கும், பொருள் இதுதான்:

> பொருள்: ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்கு வேலைச் சான்று மற்றும் லீவு அனுமதிக் கடிதம், மார்ச் 11-க்குள் தேவை
>
> வணக்கம். நான் மே 2 முதல் மே 17 வரை சொந்தச் செலவில் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சுற்றுலா செல்கிறேன். மார்ச் 16 அன்று விண்ணப்பத்தைக் கொடுக்கிறேன். அதற்காகக் கம்பெனி லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் சீலும் வைத்த கடிதம் ஒன்று தேவை.
>
> கடிதத்தில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் முழுப் பெயர், பாஸ்போர்ட் எண், பணியாளர் எண், சேர்ந்த தேதி, இப்போதைய பதவி, நிரந்தரப் பணியாளர் என்ற விவரம், வேலை பார்க்கும் இடம் சென்னை என்பது, மாதச் சம்பளம், அனுமதிக்கப்பட்ட லீவு தேதிகள், மே 18 திங்கள் அன்று வேலைக்குத் திரும்புகிறேன் என்பது, பயணத்துக்கு நிறுவனத்துக்கு ஆட்சேபம் இல்லை என்பது. கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண், அலுவலக மின்னஞ்சல் முகவரியும் வேண்டும்.
>
> பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும், மேனேஜர் லீவுக்கு ஒப்புதல் கொடுத்த பக்கத்தின் நகலும் இணைத்திருக்கிறேன்.

இணைப்பில் உள்ள இரண்டும்தான் இந்த அஞ்சலின் உயிர். பாஸ்போர்ட் பக்கம் இல்லாவிட்டால் எச்ஆர் தங்கள் சிஸ்டத்தில் இருக்கும் பெயரைப் போட்டுவிடுவார்கள். லீவு ஒப்புதல் இல்லாவிட்டால் லீவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத மாட்டார்கள். நானும் எழுத மாட்டேன். மேனேஜர் சம்மதிக்காத லீவை எச்ஆர் கையெழுத்துப் போட்டு உறுதி செய்ய முடியாது.

"பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஆபீஸில் ஒரு பெயர். இனிஷியல் பிரச்சினைதான். இதெல்லாம் பார்ப்பார்களா?"

பார்ப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கடிதத்தில் வரும் சிக்கல்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும். பள்ளிச் சான்றிதழில் மு. கார்த்திக். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுத வேண்டும், எனவே சர்நேம் கட்டத்தில் முருகேசன், கிவன் நேம் கட்டத்தில் கார்த்திக். கம்பெனியில் சேரும்போது பள்ளிச் சான்றிதழைப் பார்த்து மு. கார்த்திக் என்றே ஏற்றியிருப்பார்கள். பிஎஃப் கணக்கில் கார்த்திக் எம். வங்கியில் எம் கார்த்திக். வீட்டில் யாருக்கும் இதில் குழப்பம் இல்லை. ஆனால் இந்தப் பெயர் முறை பழக்கமில்லாத அதிகாரி ஒருவர் மேஜையில், ஒரே கட்டுக்குள் நான்கு பெயர்கள் கிடக்கும்.

எனக்கே நேர்ந்தது ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரு பையனுக்கு விசா கடிதம் கொடுத்தோம். சிஸ்டத்தில் இருந்தபடியே இனிஷியல் போட்டு அடித்தது நான்தான். சில நாள் கழித்து, விசா விஷயமாக விசாரிக்கிறோம் என்று ரிசப்ஷனுக்கு ஒரு போன் வந்தது. சர்நேமைச் சொல்லி, அதாவது பையனின் அப்பா பெயரைச் சொல்லி, இவர் உங்களிடம் வேலை பார்க்கிறாரா என்று கேட்டார்கள். ரிசப்ஷனில் இருந்தவர் லிஸ்டில் தேடினார், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, அந்தப் பெயரில் லிஸ்டில் யாரும் இல்லைதான். விசா மறுக்கப்பட்டது. பயணத்தின் நோக்கம் பற்றிக் கொடுத்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்ற கட்டத்தில் டிக். கட்டணம் திரும்பி வராது. பெரியவர்களுக்கு அது 90 யூரோ, விஎஃப்எஸ் சேவைக் கட்டணம் தனி. புதுக் கடிதத்தோடு மறுபடி விண்ணப்பித்து அவர் போய்வந்தார் என்றாலும், முதல் தடவை நடந்ததற்கு நான் பொறுப்பு என்ற எண்ணம் இன்றும் எனக்கு இருக்கிறது. ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் அது நடந்திருக்காது.

அந்த வரி இதுதான். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் போட்டு, அதற்கடுத்து, "எங்கள் பதிவேடுகளிலும் சம்பளப் பட்டியலிலும் மு. கார்த்திக் என்று குறிக்கப்படுபவரும் இவரும் ஒருவரே" என்று எழுதச் சொல்லுங்கள். பேஸ்லிப்பில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டல் அந்த வரியில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டையோ கம்பெனிப் பதிவையோ இதற்காக மாற்ற ஓட வேண்டாம். அதற்கு ஆகும் நாட்கள் உங்களிடம் இருக்காது, ஒன்றை மாற்றினால் இன்னொன்றோடு பொருந்தாமல் போகும்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு காகிதத்தில் கணவர் பெயரும் இன்னொன்றில் அப்பா பெயரும் இருக்கும் பெண்களுக்கும் இதே வரிதான் தீர்வு.

"சம்பளம் என்று எதைப் போடுவது? ஆஃபர் லெட்டரில் 14.4 லட்சம் என்று இருக்கிறது. பெரிய தொகையாக இருந்தால் நல்லதுதானே?"

நல்லதில்லை. அந்த எண்ணைக் கட்டில் வேறு எங்கேயும் பார்க்க முடியாது என்பதால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

கார்த்திக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். சிடிசி வருடத்துக்கு 14,40,000 ரூபாய். அதில் 1,20,000 வருட முடிவில் வந்தாலும் வரும், வராவிட்டாலும் இல்லை என்ற வகைத் தொகை. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மூன்றும் சேர்ந்து 60,000. இவற்றைக் கழித்தால் 12,60,000, அதாவது மாதம் 1,05,000. பேஸ்லிப்பில் மொத்தச் சம்பளம் என்று இருப்பது இதுதான். அதில் அவர் பங்கு பிஎஃப், வருமான வரி எல்லாம் பிடித்தபின் வங்கியில் விழுவது 96,000 சொச்சம்.

கடிதத்தில் 14.4 லட்சம் என்று மட்டும் இருந்தால், அதிகாரி 12-ஆல் வகுத்து 1,20,000 என்று குறித்துக்கொள்வார். ஸ்டேட்மென்டைத் திருப்பினால் 96,000. நடுவில் 24,000 ரூபாய் எங்கே போனது என்று விளக்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். எனவே பேஸ்லிப்பில் உள்ள மாத மொத்தச் சம்பளமான 1,05,000-ஐயும், பிடித்தம் போகக் கைக்கு வருவதையும் இரண்டு எண்ணாகப் போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் எதிரே பேஸ்லிப்பும் ஸ்டேட்மென்டும் சாட்சி நிற்கும். ஆண்டுத் தொகை போட்டே ஆக வேண்டும் என்பது உங்கள் கம்பெனி வழக்கமானால், அதையும் போட்டு, மாத எண்ணையும் பக்கத்தில் கேளுங்கள்.

சென்னையில் தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதை மொத்தமாக ஒரே மாதத்தில் பிடிக்கும் கம்பெனிகளில் அந்த மாதம் மட்டும் கைக்கு வருவது குறையும். அது பேஸ்லிப்பிலேயே தெரிவதால் கவலைப்பட வேண்டாம்.

"எங்கள் கம்பெனியில் கடிதத்தில் சம்பளம் எழுத மாட்டோம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்."

சில இடங்களில் அது கொள்கை, சண்டை போட்டுப் பயனில்லை. "சம்பள விவரம் இணைக்கப்பட்ட பேஸ்லிப்புகளில் உள்ளது" என்று ஒரு வாக்கியம் மட்டும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், அதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்த பேஸ்லிப்புகளில் சீல் வைத்துக் கொடுத்தார்கள் என்றால் போதும்.

"டிக்கெட் மே 2 முதல் 17 வரை. போர்ட்டலில் லீவு மே 4 முதல் 15 வரைதான் போட முடிகிறது. கடிதத்தில் எந்தத் தேதி?"

இரண்டும். இந்த இடத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், எச்ஆரும் சேர்ந்துதான்.

போர்ட்டல் வேலை நாட்களை மட்டும்தான் லீவாகக் கணக்கிடும். 2026-இல் மே 1 வெள்ளி, மே தின விடுமுறை. 2-உம் 3-உம் சனி, ஞாயிறு. 4 முதல் 8 வரை ஐந்து நாள், 11 முதல் 15 வரை ஐந்து நாள், ஆகப் பத்து நாள் லீவு. 16, 17 மறுபடி சனி, ஞாயிறு. உங்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு புரியும். ஆனால் கடிதத்தில் "மே 4 முதல் 15 வரை லீவு" என்று மட்டும் இருந்து, டிக்கெட்டில் 2-ஆம் தேதி கிளம்பி 17-இல் இறங்குவதாக இருந்தால், படிப்பவருக்கு லீவு இல்லாமலே நான்கு நாள் வெளிநாட்டில் இருக்கப்போகிறவர் போலத் தோன்றும்.

எழுத வேண்டிய வாக்கியம்: "மே 2 முதல் மே 17 வரையிலான பயணத்துக்காக இவருக்கு மே 4 முதல் 15 வரை சம்பளத்துடன் கூடிய லீவு அனுமதிக்கப்பட்டுள்ளது. முன்னும் பின்னும் உள்ள நாட்கள் வார விடுமுறை. மே 18, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவார்." இந்த மூன்றும் ஒரே பத்தியில் இருக்கட்டும்.

தேதியில் இன்னொரு வழுக்கல் நம் விமான நிலையத்தினால் வருவது. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். வெள்ளி ராத்திரி மீனம்பாக்கம் போகிறீர்கள், டிக்கெட்டில் சனிக்கிழமைத் தேதி. பேச்சில் "மே 1 ராத்திரி கிளம்புகிறேன்" என்று மேனேஜரிடம் சொல்லி, அது கடிதத்தில் மே 1 என்று ஏறிவிடும். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் தேதியையே எல்லாவற்றிலும் பயன்படுத்துங்கள். விண்ணப்பப் படிவம், இன்ஷூரன்ஸ், கடிதம், நீங்கள் எழுதும் முகப்புக் கடிதம் நான்கையும் ஒரு மேஜையில் பரப்பி வைத்து, தேதிகளைப் பென்சிலால் வட்டமிட்டுப் பார்த்துவிடுங்கள்.

நாட்டின் பெயரிலும் கவனம் வேண்டும். இரண்டு நாடு போகிறவருக்குக் கடிதத்தில் ஜெர்மனி மட்டும் இருந்தால் ஹோட்டல் பதிவுகளோடு பொருந்தாது. "ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகள்" என்று எழுதினால் சரியாக இருக்கும்.

"போர்ட்டலில் அத்தனை நாள் லீவு பேலன்ஸே இல்லை. மே மாதத்தில் சேர்ந்துவிடும், ஆனால் இப்போது அப்ளை செய்ய விடமாட்டேன் என்கிறது."

லீவு மாதாமாதம் ஏறும் கம்பெனிகளில் இது சகஜம். ஏப்ரலில் லீவுக் கணக்கு புதிதாகத் தொடங்கும் இடங்களில் மார்ச் மாதத்தில் மே லீவைப் போடவே முடியாது. மேனேஜருக்கு ஒரு அஞ்சல் எழுதி, தேதிகளைக் குறிப்பிட்டு, "ஒப்புதல் அளிக்கிறேன், கணக்கு திறந்ததும் போர்ட்டலில் பதிவு செய்யப்படும்" என்று அவரைப் பதில் போடச் சொல்லுங்கள். அந்தப் பதிலை எச்ஆருக்கு அனுப்பினால், அதை ஆதாரமாக வைத்துக் கடிதம் தரலாம். நான் அப்படிக் கொடுத்திருக்கிறேன். பேச்சில் சொன்னதை, சாட்டில் போட்ட கட்டைவிரலை வைத்துத் தர முடியாது.

"என்ஓசி தனியாக வாங்க வேண்டுமா?"

வேண்டாம். மேலே சொன்ன கடிதத்தின் கடைசியில் ஆட்சேபம் இல்லை என்ற வரி இருந்தால் அதுவே என்ஓசி. உங்கள் நாட்டின் செக்லிஸ்ட் இரண்டு தனிக் காகிதமாகக் கேட்டால் மட்டும் பிரித்து வாங்குங்கள். அரசு ஊழியர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் துறை வழியாக வெளிநாட்டுப் பயண அனுமதி பெற வேண்டும், அதற்கு ஆகும் நாட்களின் கணக்கே வேறு.

"எத்தனை நாளுக்கு முன்னால் கேட்க வேண்டும்? போன வருடம் வாங்கிய கடிதம் ஒன்று கையில் இருக்கிறதே."

போன வருடக் கடிதத்தை மறந்துவிடுங்கள். இன்று நீங்கள் வேலையில் இருப்பதை அது காட்டாது. அப்பாயின்ட்மென்டுக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் தேதியிட்ட கடிதம் நல்லது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள், கூடுதலாக விசாரிக்க வேண்டியிருந்தால் 45 நாள்வரை போகலாம். கோடை விடுமுறைக்கு எல்லோரும் கிளம்புவதால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. எனவே முதலில் அப்பாயின்ட்மென்ட், அந்தத் தேதியிலிருந்து இரண்டு வாரம் பின்னால் எண்ணி எச்ஆருக்கு அஞ்சல். மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் எச்ஆருக்குச் சம்பள உயர்வு வேலையும் வருமான வரி வேலையும் தலைக்கு மேல் இருக்கும் காலம். அப்போது கேட்கிறீர்கள் என்றால் மூன்று வாரம் வையுங்கள்.

"நான் உட்கார்ந்திருப்பது ஒரு பெரிய கம்பெனியின் சிறுசேரி ஆபீஸில். ஆனால் சம்பளம் போடுவது ஒரு ஏஜென்சி. யாரிடம் வாங்குவது?"

சம்பளம் போடுகிறவரிடம். பேஸ்லிப், ஃபார்ம் 16, வங்கியில் வரவு வைத்தவரின் பெயர் மூன்றிலும் இருப்பது ஏஜென்சிதான், ஆகவே சட்டப்படி அவர்கள்தான் உங்கள் முதலாளி. பெரிய பெயருக்காக கிளையன்ட் கம்பெனியிடம் மட்டும் கடிதம் வாங்கிப் போய் வைத்தால் கட்டில் ஒன்றோடொன்று ஒட்டாது. ஏஜென்சி கடிதத்தில், "இன்ன நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் பணியமர்த்தப்பட்டுள்ளார், ஒப்பந்தம் இன்ன தேதிவரை" என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்த முடிவு தேதி பயணத்துக்குப் பிறகு வர வேண்டும். அதற்கு முன்பே முடிகிறது, புதுப்பிப்பார்கள் என்று வாய்வார்த்தைதான் இருக்கிறது என்றால், புதுப்பித்த காகிதம் வந்தபின் விண்ணப்பிப்பது பணத்தை மிச்சப்படுத்தும். லீவுக்கு ஒப்புக்கொண்டதாக கிளையன்ட் மேனேஜரின் அஞ்சலைக் கூடுதலாக வைக்கலாம்.

தலைமை அலுவலகம் பெங்களூரில், நீங்கள் சென்னையில் வீட்டிலிருந்து வேலை என்றாலும், வேலை பார்க்கும் இடம் சென்னை என்று கடிதத்தில் இருக்கட்டும். சில நாடுகளுக்கு, நீங்கள் எங்கே வசிக்கிறீர்களோ அதை வைத்துத்தான் எந்த மையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பது தீர்மானிக்கப்படுகிறது. லெட்டர்ஹெட்டில் பெங்களூர் முகவரியைப் பார்த்தால் கேள்வி வரும்.

"அம்பத்தூர் எஸ்டேட்டில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் பட்டறை எங்களுடையது. எச்ஆர் எல்லாம் கிடையாது. முதலாளி எழுதிக் கொடுத்தால் செல்லுமா அக்கா?"

செல்லும் தம்பி. எச்ஆர் என்ற பெயரில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உரிமையாளரோ பங்குதாரரோ போடலாம். சின்ன இடம் என்பதால் அப்படி ஒரு தொழில் இருக்கிறது என்பதைக் காட்டும் பொறுப்பு கூடுதலாக வரும். லெட்டர்ஹெட்டில் ஜிஎஸ்டி எண் இருக்கட்டும், ஜிஎஸ்டி பதிவுச் சான்றின் நகலோ உத்யம் பதிவின் நகலோ பின்னால் இணைக்கட்டும். சம்பளம் கையில் ரொக்கமாகத் தருகிறார் என்றால் அதுதான் உண்மையான சிக்கல். இனிமேலாவது வங்கி வழியாகப் போடச் சொல்லி, ஆறு மாதம் ஸ்டேட்மென்டில் வந்தபின் விண்ணப்பிப்பதைத்தான் நான் சொல்வேன். கடிதத்தில் 30,000 என்று எழுதி ஸ்டேட்மென்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் அந்தக் கடிதத்துக்கு எடை கிடையாது.

"கடிதத்தின் கீழே 'இது கணினியில் உருவானது, கையெழுத்து தேவையில்லை' என்று இருக்கிறது. பரவாயில்லையா?"

மையால் போட்ட கையெழுத்தும் சீலும் கேளுங்கள். டிஜிட்டல் கையெழுத்துதான் தருவார்கள் என்றால், பிரிண்ட் எடுக்கும் முன் பாருங்கள். பல பிடிஎஃப்களில் கையெழுத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியோடு `Signature Not Verified` என்று நிற்கும். உங்கள் கணினியில் அந்தச் சான்றிதழ் சரிபார்க்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள், ஆனால் காகிதத்தில் அச்சானால் பார்க்கிறவருக்குக் கையெழுத்தே போலி என்பது போலத் தெரியும். அடோபி ரீடரில் கையெழுத்தைச் சரிபார்த்து, அந்தக் குறி பச்சை டிக்காக மாறியபின் அச்செடுங்கள். மாறவில்லை என்றால் எச்ஆரிடம் காகிதத்தில் சீல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

"பேப்பர் போட்டுவிட்டேன். நோட்டீஸ் பீரியடில் இருக்கிறேன். சொல்லாமல் கடிதம் வாங்கலாமா?"

எச்ஆரிடம் மறைக்க முடியாது, உங்கள் ராஜினாமா அவர்கள் திரையில்தான் இருக்கிறது. மே 18 வேலைக்குத் திரும்புவார் என்று எந்த எச்ஆரும் அப்போது எழுத மாட்டார்கள். பயணத்துக்கு முன்பே புது இடத்தில் சேரப் போகிறீர்கள் என்றால், இப்போதைய கம்பெனியின் கடிதத்தோடு புது ஆஃபர் லெட்டரையும், சேரும் தேதியையும் வைத்து, நடப்பதை அப்படியே முகப்புக் கடிதத்தில் எழுதுங்கள். முடிந்தால் புது இடத்தில் சேர்ந்து இரண்டு, மூன்று பேஸ்லிப் வந்தபின் விண்ணப்பியுங்கள்.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "லெட்டர் நாங்களே ரெடி பண்ணித் தருகிறோம்" என்று சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். போலிக் காகிதம் என்று மறுக்கப்பட்டால் அது ஷெங்கன் நாடுகள் எல்லாம் பார்க்கும் விசாத் தகவல் அமைப்பில் ஐந்து வருடம்வரை இருக்கும். வேறு நாட்டுப் படிவத்தில் "இதற்குமுன் விசா மறுக்கப்பட்டதா?" என்று கேட்கும்போதும் எழுத வேண்டி வரும். ஒரு கோடைப் பயணத்துக்கு அந்த விலை கொடுக்காதீர்கள்.

"எச்ஆர் கடிதமே தர மறுத்தால்?"

நியமனக் கடிதம், கடைசி மூன்று பேஸ்லிப், ஃபார்ம் 16, `passbook.epfindia.gov.in` தளத்திலிருந்து எடுத்த பிஎஃப் பாஸ்புக், லீவு ஒப்புதல் அஞ்சலின் அச்சு, இவற்றைச் சேர்த்து வைத்து, கம்பெனி கடிதம் தரவில்லை என்பதை முகப்புக் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லுங்கள். பாஸ்புக்கில் கம்பெனி பெயரும் மாதாமாதம் கட்டிய தொகையும் இருப்பதால் அது பலமான சான்று. கடிதத்துக்கு முழு ஈடாகாது, ஆனால் வெறுங்கையோடு போவதைவிட எவ்வளவோ மேல்.

"பிரிட்டன், அமெரிக்கா விசாவுக்கும் இதே கடிதம் போதுமா?"

பிரிட்டனின் வழிகாட்டுதலில் பதவி, சம்பளம், எத்தனை காலமாக வேலை என்ற மூன்றையும் லெட்டர்ஹெட்டில் கேட்கிறார்கள், எனவே நாட்டின் பெயரை மாற்றி இதையே வாங்கலாம். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு முடிவு அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலில் எடுக்கப்படுகிறது. கடிதத்தைப் பார்க்கவே கேட்காமல் போகலாம். கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

"உண்மையிலேயே போன் செய்து விசாரிப்பார்களா? நான் என்ன செய்ய வேண்டும்?"

எல்லோருக்கும் வராது, ஆனால் வரும். கடிதத்தில் உள்ள எண்ணுக்கோ, மின்னஞ்சல் முகவரிக்கோ வரும். அந்த எண் யாரும் எடுக்காத பழைய லேண்ட்லைன் என்றால் அதை மாற்றச் சொல்லுங்கள். மின்னஞ்சல் முகவரி கம்பெனி டொமைனில் இருக்கட்டும், ஜிமெயில் வேண்டாம்.

விண்ணப்பம் கொடுத்த அன்றே கையெழுத்துப் போட்டவருக்கும் ரிசப்ஷனுக்கும் ஒரு குறிப்பு அனுப்புங்கள்: என் பாஸ்போர்ட் பெயர் இது, ஆபீஸ் பெயர் இது, பணியாளர் எண் இது, இன்ன நாட்டுத் தூதரகத்திலிருந்து அழைப்பு வரலாம், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் தயவுசெய்து எச்ஆருக்கு இணைப்புக் கொடுங்கள். அந்தப் பையன் விஷயம் நடந்த மறுவாரத்திலிருந்து, நான் கொடுத்த ஒவ்வொரு கடிதத்தோடும் இந்தக் குறிப்பை நானே எழுதி ரிசப்ஷன் மேஜையில் ஒட்டிவிட்டு வருவேன்.